கணுக்கால் அளவு தண்ணீர்

இஸ்லாமியச் சட்ட நூல்களில் ஜைத், அம்ர் என்ற இரண்டு பேர் ஓயாமல் வந்துபோவார்கள். ஜைத் அம்ரிடம் ஒட்டகம் வாங்குவார். அம்ர் ஜைதின் சுவரில் உத்தரம் செருகுவார். பிறகு இருவரும் காஜியிடம் போய் நிற்பார்கள். மாணவர்களுக்குச் சட்டத்தை விளக்குவதற்காக அறிஞர்கள் வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. தரிசு நிலம், பாசனத் தண்ணீர், மேய்ச்சல் ஆகிய மூன்றையும் அந்தச் சட்டம் எப்படிப் பார்த்தது என்று சொல்ல, அவர்களையே ஓர் ஊரில் குடியேற்றிக்கொள்கிறேன்.

ஊர் மதீனாவின் சுற்றுப்புறத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே கிழக்கிலும் மேற்கிலும் எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் கரும்பாறை நிலம். மழை வருடத்தில் சில நாட்கள்தான். பெய்த மழை பாறையில் நிற்காமல் ஓடைகளில் திரண்டு, தாழ்வான தோட்டங்களுக்கு வெள்ளமாக இறங்கும். ஓடைக் கரையில் பேரீச்ச மரங்கள், அவற்றுக்கிடையே கொஞ்சம் பார்லி. அதற்கு அப்பால் ஆடும் ஒட்டகமும் மேயும் வெட்டவெளி. ஊருக்குச் சற்றுத் தள்ளி யாரும் உழாத ஒரு துண்டு நிலம் கிடக்கிறது. ஜைதுக்கு அதன் மேல் கண்.

அடிப்படை விதி எளிமையானது. செத்துக் கிடக்கும் நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கே அது சொந்தம் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. அதே வாக்கின் பின்பாதி, பிறர் நிலத்தில் அநியாயமாக இறங்கிய வேருக்கு எந்த உரிமையும் இல்லை என்கிறது. இந்தப் பின்பாதி வெறும் பேச்சாக நிற்கவில்லை. ஒருவர் இன்னொருவரின் நிலத்தில் பேரீச்சை நட்டுவிட்டார். நிலம் உரியவருக்கே, மரத்தை நட்டவர் பிடுங்கிக்கொண்டு போக வேண்டும் என்று தீர்ப்பானது. நன்றாக வளர்ந்து நின்ற அந்த மரங்களின் வேர்களைக் கோடரியால் வெட்டியதைக் கண்ணால் பார்த்தவரின் சாட்சியம் அபூ தாவூதின் தொகுப்பில் இருக்கிறது. உழைப்பு உரிமை தரும். ஆனால் யாருக்கும் உரிமையில்லாத இடத்தில் போட்ட உழைப்புதான் தரும்.

அப்படியானால் ஜைதின் கண்ணில் பட்ட நிலம் உண்மையிலேயே செத்த நிலமா? ஊரில் முதலில் எழும் வழக்கு இதுதான். உழாமல் கிடப்பதெல்லாம் செத்த நிலம் ஆகிவிடாது. ஊர் மக்கள் கதிரடிக்கும் களம், விறகு பொறுக்கும் காடு, கால்நடையை ஓட்டிப்போகும் பாதை ஆகியவை யார் பெயரிலும் இல்லாவிட்டாலும் ஊரோடு சேர்ந்தவை. நம் மேய்ச்சல் புறம்போக்கைப் போல. அரபியில் இதற்கு ஹரீம் என்று பெயர். கை வைக்கக் கூடாத சுற்று வட்டாரம். 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த இமாம் நவவி எழுதிய மின்ஹாஜ் என்ற நூல் இந்த வட்டாரத்தில் எவையெல்லாம் அடங்கும் என்று பெயர் சொல்கிறது: ஊரார் கூடிப் பேசும் இடம், குதிரை ஓட்டும் திடல், ஒட்டகங்கள் மண்டியிடும் இடம், சாம்பலும் குப்பையும் கொட்டும் மேடு. குப்பை மேட்டுக்கும் சட்டத்தில் இடம் கொடுத்தவர்கள் ஊர் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மையான நூல்களில் ஒன்று மின்ஹாஜ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றப்படுவது அந்த மத்ஹப்தான்.

இந்த வட்டாரம் எதுவரை நீளும் என்பதில் அறிஞர்கள் பிரிந்தார்கள். ஷாஃபிஈ அறிஞர்கள் தூரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஊருக்குப் பயன்படுகிறதா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. பயன்படாத நிலமென்றால் ஊரை ஒட்டியே இருந்தாலும் ஜைத் உழலாம். ஹனஃபி மத்ஹபின் அபூ யூசுஃப் வேறொரு சோதனை வைத்தார். ஊர்க் கோடியில் ஒருவர் நின்று உரத்த குரலில் கூவ வேண்டும். அந்தக் குரல் எட்டும் வரை ஊரைச் சேர்ந்தது. எட்டாத இடத்தில்தான் செத்த நிலம் தொடங்குகிறது. அபூ யூசுஃப் 8ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவருக்குப் பதினொரு நூற்றாண்டுகள் கழித்து, 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா என்ற சட்டத் தொகுப்பிலும் அதே குரல் சோதனை இடம்பெற்றது. நில அளவையர் இல்லாத ஊரில், எல்லோர் முன்னிலையிலும் ஒரே காலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய சோதனை அது.

ஜைதின் நிலம் குரல் எட்டாத இடத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூலையிலும் கல் நட்டு, முள்வேலி போட்டுவிடுகிறார். நிலம் அவருக்கு வந்துவிட்டதா? வரவில்லை. கல் நட்டது முன்னுரிமை மட்டுமே தரும். அந்த முன்னுரிமையை அவர் விற்க முடியாது என்பதே ஷாஃபிஈ நூல்களில் வலுவான கருத்து. வேலியைப் போட்டுவிட்டு வேலை எதுவும் நடக்கவில்லையென்றால், உழு அல்லது விட்டுவிடு என்று ஆட்சியாளர் சொல்வார். கலீஃபா உமர் இதற்கு மூன்று வருடக் கெடு வைத்ததாக ஹனஃபி நூல்கள் எடுத்துக்காட்டுகின்றன.

இந்தக் கண்டிப்பு பெரிய இடத்திலும் செல்லுபடியானது. பிலால் இப்னு ஹாரிஸ் என்பவருக்கு மதீனாவை ஒட்டிய அகீக் பள்ளத்தாக்கை நபிகளாரே வழங்கியிருந்தார். உமரின் காலம் வந்தபோது அதில் பெரும்பகுதி உழப்படாமல் கிடந்தது. உன்னால் உழ முடிந்ததை வைத்துக்கொள், மீதியைத் திருப்பிக் கொடு என்றார் உமர். நபி கொடுத்ததை விட்டுத் தர மாட்டேன் என்று பிலால் மறுத்தார். அவரால் கையாள முடியாத பகுதியை உமர் எடுத்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அப்படியென்றால் எது உயிர்ப்பித்தல்? மின்ஹாஜ் இதற்கு ஒரே அளவுகோல் வைக்கவில்லை. எதற்காக நிலம் எடுக்கிறாரோ, அதற்கு அந்த வட்டார வழக்கம் எதை எதிர்பார்க்கிறதோ, அதைச் செய்து முடிக்க வேண்டும். வீடு கட்ட எடுத்தால் சுவர் எழுப்பி, ஒரு பகுதிக்காவது கூரை போட்டு, கதவு மாட்ட வேண்டும். ஆட்டுப்பட்டி என்றால் சுவரும் கதவும் போதும், கூரை வேண்டியதில்லை. வயல் என்றால் சுற்றிலும் மண் அணைத்து வரப்பு கட்டி, மேடு பள்ளத்தைச் சமன் செய்து, மழை போதாத இடத்தில் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். விதைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விதைப்பது நிலத்தை அனுபவிக்கும் வேலை, உருவாக்கும் வேலை முன்பே முடிந்துவிட்டது. தோட்டம் என்றால் மட்டும் கன்று நட்டாக வேண்டும்.

அரசின் அனுமதி வேண்டுமா என்பதில் ஒரு பழைய சச்சரவு உண்டு. வேண்டும் என்றார் அபூ ஹனீஃபா. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றால் யார் பக்கம் சாய்வது, அந்தச் சண்டையைத் தடுக்கத்தான் அனுமதி என்று அவருடைய நியாயத்தை மாணவர் அபூ யூசுஃபே விளக்கி எழுதியிருக்கிறார்; எழுதிவிட்டு, அனுமதி தேவையில்லை என்று தம் கருத்தைத் தனியாகவும் வைத்தார். ஷாஃபிஈயும் அனுமதி கேட்கவில்லை. மாலிக் நடுவழி போனார்: ஊருக்கு அருகில் என்றால் அனுமதி, தொலைவில் என்றால் வேண்டாம். சண்டை வர வாய்ப்புள்ள இடத்தில் மட்டும் அரசை அழைக்கும் மாலிக்கின் வழியே கிராமத்துக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜைத் வரப்பு கட்டிவிட்டார். இனி தண்ணீர். அவர் ஒரு கிணறு வெட்டுகிறார். வெட்டிய குழியோடு சேர்த்துக் கிணற்றைச் சுற்றியுள்ள இடமும் அவருக்குக் கிடைக்கிறது. கால்நடைக்குத் தண்ணீர் காட்டும் கிணறாக இருந்தால் சுற்றிலும் நாற்பது முழம். ஒட்டகத்தைப் பூட்டிக் கவலை இறைக்கும் பாசனக் கிணறு என்றால் அறுபது முழம் என்றார்கள் அபூ யூசுஃபும் அவருடைய தோழர் முஹம்மத் ஷைபானியும். கயிற்றின் நீளத்துக்கு ஒட்டகம் நடந்துபோய்த் திரும்ப வேண்டுமல்லவா. முழம் ஒன்றை ஏறத்தாழ அரை மீட்டராகக் கொள்ளலாம். ஷாஃபிஈ அறிஞர்கள் எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல் வேலையைப் பார்த்தார்கள். இறைப்பவர் நிற்கும் இடம், தண்ணீர் ஊற்றும் தொட்டி, மாடோ ஒட்டகமோ நடக்கும் தடம் இவை கிணற்றின் சுற்று வட்டாரம். நிலத்தடியில் ஓடும் கால்வாய் என்றால், பக்கத்தில் தோண்டினால் எவ்வளவு தூரம் வரை இதன் நீர் குறையுமோ, எவ்வளவு தூரம் வரை மண் சரியுமோ, அதுவரை யாரும் தோண்டக் கூடாது. மண் இறுக்கமா தளர்வா என்பதைப் பார்த்துத்தான் அந்த எல்லையை வரைய முடியும்.

கிணறு ஒருவர் தோண்டியது. ஓடைத் தண்ணீர் யாரும் தோண்டாதது. மழை வெள்ளம் வரும்போது மேல்மடைக்காரர் எவ்வளவு பிடித்து வைக்கலாம், எப்போது திறந்துவிட வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஆதாரமான வழக்கு மதீனாவின் கரும்பாறை நிலத்திலிருந்து இறங்கும் ஓடையில்தான் நடந்தது. மேல்மடையில் ஸுபைரின் பேரீச்சந்தோப்பு; அவர் நபிகளாரின் அத்தை மகன். கீழே மதீனாவைச் சேர்ந்த அன்சாரி ஒருவரின் தோப்பு. தண்ணீரை நிறுத்தாமல் விடு என்று அன்சாரி கேட்டார், ஸுபைர் மறுத்தார். வழக்கு நபிகளாரிடம் வந்தது. உன் தோப்புக்குப் பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்குத் திறந்துவிடு என்று ஸுபைரிடம் சொன்னார். அன்சாரிக்குக் கோபம். அத்தை மகன் என்பதால்தானே இப்படி என்று கேட்டுவிட்டார். நபிகளாரின் முகம் மாறியது. அப்படியானால், தண்ணீர் பாத்தியின் வரப்பைத் தொடும் வரை பிடித்து வைத்துவிட்டு அப்புறம் விடு என்று ஸுபைருக்கு மறு உத்தரவு வந்தது.

முதலில் சொன்னது சமாதான வழி, மேல்மடைக்காரர் தம் உரிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அதை எதிர்த்தரப்பு ஏற்காதபோது முழு உரிமையும் அளந்து கொடுக்கப்பட்டது என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். வரப்பைத் தொடும் அந்த அளவை ஆட்கள் அளந்து பார்த்தபோது கணுக்கால் வரை வந்தது. மதீனாவின் மஹ்ஸூர், முதைனிப் என்ற இரு ஓடைகளுக்கும் கணுக்கால் அளவே தீர்ப்பானது என்று மாலிக்கின் முவத்தா பதிவு செய்கிறது. கணுக்கால் அளவு நின்றால் மேல்மடைக்காரர் அடுத்தவருக்குத் திறந்துவிட வேண்டும். அடுத்தவரும் அதே அளவு பிடித்து, அதற்கடுத்தவருக்கு.

இங்கேதான் ஊரில் தகராறு முளைக்கும். ஜைதின் வயலில் ஒரு பகுதி மேடு, ஒரு பகுதி பள்ளம். மேட்டில் கணுக்கால் அளவு நிற்கும் வரை பிடித்தால் பள்ளத்தில் முழங்கால் அளவு தேங்கும். கீழே அம்ரின் வயல் காயும். அப்படிப் பிடிக்கக் கூடாது; மேட்டையும் பள்ளத்தையும் வரப்பால் பிரித்துத் தனித்தனியாகப் பாய்ச்ச வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்கள் சொல்கின்றன. 1058இல் மறைந்த பாக்தாத் நீதிபதி மாவர்தி இன்னும் ஒரு படி மேலே போனார். கணுக்கால் என்பது எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய அளவாகாது என்றார். மண் எவ்வளவு குடிக்கும், நிற்பது பேரீச்சையா தானியமா, கோடையா குளிர்காலமா, விதைக்கும் நேரமா, தண்ணீர் நிற்காமல் வருகிறதா விட்டுவிட்டு வருகிறதா என்று பார்த்து, ஊர் வழக்கப்படி அளவு மாறும் என்று எழுதினார்.

இந்த முறையில் கடைமடைக்காரருக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. வெள்ளம் குறைவாக வந்தால் மேல்மடை நிறைவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். கடைமடைக்கு எதுவும் வராது, கேட்கவும் முடியாது. ஆனால் அவரைக் காக்கும் ஒரு விதியும் உண்டு. பக்ர் என்று மூன்றாவது ஆள் ஒருவர் வந்து, ஜைதுக்கும் மேலே, ஓடையின் தலைப்பில் புதிதாக நிலம் திருத்தி மடை போடப் பார்க்கிறார். இடத்தால் அவர்தான் மேல்மடை. ஆனால் ஏற்கெனவே பயிர் செய்பவர்களுக்குத் தண்ணீர் பற்றாமல் போகுமென்றால் அவரைத் தடுக்க வேண்டும் என்கிறார் நவவி. முன்பே நிலம் திருத்தியவர்கள் அந்த நிலத்தோடு அதற்கு வேண்டிய வசதிகளையும் சேர்த்தே பெற்றுவிட்டார்கள். அவற்றில் முதன்மையானது தண்ணீர். மேல்மடை முந்தும் என்ற விதி இப்படிப் பின்னால் வந்தவருக்குக் கைகொடுக்காமல் நின்றுவிடுகிறது.

பலர் சேர்ந்து வெட்டிய வாய்க்காலில் கணுக்கால் கணக்கு இல்லை. அங்கே தண்ணீர் பங்குக்கு ஏற்ப. ஒருவருக்குப் பாதி, இன்னொருவருக்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றவருக்கு ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு மரப்பலகையில் ஒரே அளவாக ஆறு துளை போட்டு, வாய்க்காலின் அகலத்துக்குக் குறுக்கே மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். மூன்று துளையில் வரும் தண்ணீர் முதல் ஆளின் கால்வாய்க்கு, இரண்டு இரண்டாமவருக்கு, ஒன்று மூன்றாமவருக்கு. பலகை சாய்ந்தால் தாழ்ந்த பக்கத் துளையில் அதிகம் பாயும் என்பதால், மட்டம் தவறியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலகை வேண்டாம், ஆளுக்கு ஒரு நாள் முறைத்தண்ணீர் போதும் என்று அவர்களே பேசிக்கொண்டால் அதுவும் செல்லும்.

இனி ஜைதின் கிணற்றுக்குத் திரும்பலாம். ஒரு மேய்ப்பர் ஐம்பது ஆடுகளோடு வந்து கிணற்றருகே நிற்கிறார். சுற்றிலும் மழைக்குப் பின் முளைத்த புல். அந்தப் புல் யாருக்கும் சொந்தமில்லை. தண்ணீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது நபிமொழி. ஆனால் மேய்ந்த ஆடு குடித்தாக வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் மேய்ப்பர் அந்தப் பக்கமே வர முடியாது. ஆக, கிணற்றை மூடுபவர் கிணற்றை மட்டும் மூடவில்லை, சுற்றியுள்ள புல்லையும் சேர்த்துத் தனக்காக்கிக்கொள்கிறார். புல்லைத் தடுப்பதற்காக மிஞ்சிய தண்ணீரைத் தடுக்காதீர்கள் என்று ஒரு ஹதீஸ் இதைத்தான் நேராகத் தொடுகிறது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது. வேலி போடாமலேயே பொதுநிலத்தை ஒருவர் எப்படிச் சுருட்ட முடியும் என்பதை அந்தப் பாலைவனச் சமூகம் அறிந்து வைத்திருந்தது.

ஆகவே ஜைத் தன் தேவை, தன் கால்நடை, தன் பயிர் போக மிஞ்சியதை ஆடுகளுக்குக் காசு வாங்காமல் விட வேண்டும். ஆனால் நிபந்தனைகள் உண்டு. பக்கத்தில் மேய்ச்சல் இருக்க வேண்டும், இலவசமாக வேறு தண்ணீர் கிடைக்காமல் இருக்க வேண்டும், ஆடுகள் வந்துபோவதால் பயிருக்குச் சேதம் வரக் கூடாது. தன் கயிற்றையும் வாளியையும் இரவல் தர வேண்டிய கடமை அவருக்கில்லை. மேய்ப்பர்தான் கொண்டுவர வேண்டும். அம்ரின் பயிருக்குத் தண்ணீர் கேட்டால் ஜைத் மறுக்கலாம் என்றே ஷாஃபிஈ நூல்கள் சொல்கின்றன. தாகத்தில் தவிக்கும் மனிதருக்கு மட்டும் மறுக்கவே முடியாது. மறுத்தால் ஆயுதம் எடுத்தும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பெறலாம் என்கிறது ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா.

புல்லை ஒதுக்கிவைக்கும் பழக்கம் இஸ்லாத்துக்கு முந்தியது. அதன் பெயர் ஹிமா. பலம் படைத்த தலைவர் ஒருவர் மேட்டில் ஒரு நாயைக் கொண்டுபோய்க் குரைக்க வைப்பார். குரைப்பு எட்டும் திசையெல்லாம் அவருடைய மந்தைக்கு. தக்லிப் குலத் தலைவன் குலைப் அப்படி ஒதுக்கிய புல்லில் அயலார் ஒட்டகம் ஒன்று நுழைந்தது. அதை அம்பெய்தான்; அதற்காக அவனே கொல்லப்பட்டான். பஸூஸ் போர் என்று அரபுகள் நாற்பது வருடம் நீண்டதாகச் சொல்லும் குலப்போர் அதிலிருந்து கிளம்பியது. நபிகளார் தலைவர்களின் ஹிமாவை ஒழித்தார். பொதுக் காரியத்துக்கான ஹிமாவை மட்டும் வைத்தார். நகீஃ என்ற இடம் படைக் குதிரைகளுக்காக ஒதுக்கப்பட்டது.

உமர் ஆட்சியில் ரபதா என்ற இடமும் ஹிமா ஆனது. அதற்குக் காவலாக அவர் நியமித்த ஹுனை என்பவருக்குச் சொன்ன அறிவுரை புகாரியின் தொகுப்பில் இருக்கிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே வைத்திருப்பவர்களை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்றார். இருவரும் அந்தச் சமூகத்தின் பெருஞ்செல்வர்கள், நபித்தோழர்கள். அவர்களுடைய மந்தை செத்தால் பேரீச்சந்தோப்பும் வயலும் இருக்கிறது, பிழைத்துக்கொள்வார்கள். ஏழையின் மந்தை செத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார். அவரை நான் கைவிட முடியுமா, பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் தண்ணீரும் கொடுப்பது எனக்கு எளிது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த மக்கள் தங்களுக்கு அநீதி நடந்ததாக நினைக்கிறார்கள், அது அவர்களுடைய மண் என்றும் சொன்னார். ஒதுக்கியவரே அதன் வலியை ஒத்துக்கொண்டார்.

இப்னு அஃப்பான் என்று அவர் சொன்னது உஸ்மானை. உமருக்குப் பிறகு உஸ்மான் கலீஃபா ஆனபோது, அவருக்கு எதிராக எழுந்த புகார்களில் ஹிமாவை விரிவாக்கினார் என்பதும் ஒன்று. ஜகாத்தாக வந்த ஒட்டகங்கள் பெருகிவிட்டன, அதனால் நிலத்தையும் கூட்ட வேண்டியிருந்தது என்பது அவர் தந்த பதில். பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் நிபந்தனைகளை எழுதிவைத்தார்கள்: ஆட்சியாளர் தமக்காக ஒதுக்கக் கூடாது, ஜகாத் கால்நடைகளுக்கும், வழிதவறி வந்தவற்றுக்கும், தொலைவுக்கு மேய்ச்சல் தேடிப் போக முடியாத எளியவர்களின் ஆடுமாடுகளுக்கும் ஒதுக்கலாம், தேவை வந்தால் பின்னர் விலக்கிக்கொள்ளலாம்.

நிலத்தை உயிர்ப்பிக்கும் உரிமை நவீன அரசுகளின் கையில் சுருங்கிப்போனது. உஸ்மானியரின் 1858 நிலச் சட்டம் அதிகாரியின் அனுமதியோடு உழுதவருக்கு நிலத்தை இலவசமாகவும், அனுமதியில்லாமல் உழுதவருக்கு விலை வாங்கிக்கொண்டும் கொடுத்தது. பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம் 1921இல் கொண்டுவந்த அவசரச் சட்டப்படி, அனுமதியின்றித் தரிசை உழுதவருக்குப் பட்டா இல்லை. அத்துமீறல் வழக்கும் உண்டு. ஹிமா வேறு விதமாகக் கலைந்தது. சவூதி அரேபியாவில் ஊர்களும் குலங்களும் காத்துவந்த ஹிமாக்கள் 1953ஆம் ஆண்டின் அரச ஆணையால் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. புல் விளையும் வரை ஆட்டைத் தடுத்துவைக்க ஊருக்கு இருந்த அதிகாரம் அதோடு போயிற்று. முதலில் வந்த மந்தை தின்றுவிட்டுப் போனது. எகிப்தைச் சேர்ந்த மேய்ச்சல் நில வல்லுநர் உமர் தராஸ், எஞ்சியிருந்த ஹிமாக்களை ஆராய்ந்து 1969இல் எழுதினார். சிரியாவின் புல்வெளிகளில் அவர் துணையோடு தொடங்கிய கூட்டுறவுகளில், எந்தெந்தக் குடும்பங்கள் வழக்கமாக அந்த நிலத்தில் மேய்த்துவந்தன என்று கேட்டு, அவர்களிடமே காவலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.